புதியவர் எத்தனை பேர், திரும்பி வந்தவர் எத்தனை பேர்? ஒரு தஜ்வீத் தொடரின் கணக்கு



நாங்கள் பணியாற்றும் மதரஸாவுக்கு யூடியூபில் ஒரு சிறிய சேனல் உண்டு. அதில் 2025 ஆகஸ்ட் மாதம் முதல் சனிக்கிழமைதோறும் இஷாவுக்குப் பின் ஒரு தஜ்வீத் பாடம் வெளியாகி வருகிறது. மொத்தம் முப்பது பாடங்கள் என்பது திட்டம். பாடம் ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். பன்னிரண்டாம் பாடம் வெளியான வாரத்தில் நிர்வாகக் குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. "முதல் பாடத்தை ஆயிரத்து இருநூறு பேர் பார்த்தார்கள். இப்போது முந்நூறு பேர்தாம் பார்க்கிறார்கள். ஹஜ்ரத்தின் சனிக்கிழமை மாலையையும், படத்தொகுப்புச் செய்யும் மாணவரின் இரண்டு இரவுகளையும் இதற்காக இன்னும் நான்கு மாதங்கள் செலவிட வேண்டுமா? கேள்வி பதில் காணொளிகளை ஒவ்வொன்றும் ஆயிரத்து ஐந்நூறு பேர் பார்க்கிறார்களே, அந்த நேரத்தையும் அதற்கே கொடுத்தால் என்ன?" என்பதே அக்கேள்வி.

நியாயமான கேள்விதான். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கேமரா. வாரத்துக்கு இரண்டு ஒளிப்பதிவுகளுக்கு மேல் செய்ய இயலாது. ஒன்றைத் தொடர்ந்தால் மற்றொன்றுக்கு இடமில்லை. ஆனால் மறுபக்கத்தில், வீட்டிலிருந்தபடியே ஓதக் கற்கும் பெண்களும், சிறுவயதில் முறையாக ஓதும் வாய்ப்புக் கிட்டாத முதியவர்களும் இத்தொடரைப் பின்பற்றுகிறார்கள். பாதி வழியில் நிறுத்தினால் அவர்களுடைய பாடம் பாதியில் நிற்கும். ஆகவே "குறைந்துவிட்டது" என்ற ஒரே சொல்லைக் கொண்டு முடிவெடுக்காமல், குறைந்தவர் யார், நிலைத்தவர் யார் என்று பிரித்துப் பார்க்க முனைந்தோம். அவ்வாறு பார்த்த முறையை, மதரஸாவிலும் பள்ளிவாசலிலும் இதுபோன்ற தொடர்கள் நடத்தும் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இங்கு எழுதுகிறோம்.

யூடியூப் ஸ்டுடியோவில் Analytics என்னும் பக்கத்தைத் திறந்தால் Audience என்றொரு பகுதி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் சேனலைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் புதியவர், எத்தனை பேர் முன்பே வந்து சென்றவர் என்று அது பிரித்துக் காட்டும். முன்பு New viewers, Returning viewers என்று இரண்டு வகைகள் இருந்தன. அண்மைக் காலத்தில் திரும்பி வருவோரையே Casual viewers, Regular viewers என்று மேலும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கடந்த ஓராண்டில் ஒன்று முதல் ஐந்து மாதங்கள் வரை பார்த்தவர் முதல் வகை. ஆறு மாதங்களோ அதற்கு மேலோ பார்த்தவர் இரண்டாம் வகை.

இந்த வரையறையை அறியாமல் திரையைப் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். எங்கள் தொடருக்கு அப்போது வயது மூன்று மாதம். முதல் பாடத்திலிருந்து ஒரு வாரம்கூடத் தவறாமல் பார்த்த பெண்மணி ஒருவர், அதற்குமுன் எங்கள் சேனலைப் பார்த்திராதவராயின், அவரும் Casual என்ற வகையில்தான் வைக்கப்படுவார். ஆறு மாதங்கள் நிறைவுறாத தொடரில் 'வழக்கமாக வருவோர்' குறைவாகத் தெரிவதற்கு அத்தொடரின் தரம் காரணமன்று, அதன் வயதே காரணம். ஆகவே நாங்கள் இவ்விரு வகைகளையும் கூட்டி, 'திரும்பி வந்தவர்' என்று ஒரே எண்ணாகக் கொண்டோம்.

அடுத்து, எல்லாப் பாடங்களையும் ஒரே வயதில் வைத்து ஒப்பிட வேண்டும். முதல் பாடம் வெளியாகி மூன்று மாதங்கள் ஆகியிருக்க, பன்னிரண்டாம் பாடம் வெளியாகி ஒரு வாரமே ஆகியிருந்தால், இரண்டின் இன்றைய எண்களையும் அருகருகே வைப்பது பத்து வயதுப் பிள்ளையின் உயரத்தைக் கைக்குழந்தையின் உயரத்தோடு ஒப்பிடுவது போன்றது. எனவே ஒவ்வொரு பாடத்துக்கும் அது வெளியான நாளிலிருந்து முதல் ஏழு நாள்களை மட்டும் தேர்ந்து, எண்களை ஒரு நோட்டில் எழுதினோம். எழுதியது பார்வைகளை அன்று, பார்வையாளர்களை. ஒருவரே ஒரு பாடத்தை மூன்று முறை ஓதிப் பார்த்தால் பார்வைகள் மூன்று, பார்வையாளர் ஒருவரே. தஜ்வீத் பாடத்தில் இந்த வேறுபாடு பெரிது.

நோட்டில் எழுதியபின் தெரிந்தது இது. முதல் பாடத்தைப் பார்த்தவர் 1,240 பேர். அவர்களில் புதியவர் 910, திரும்பி வந்தவர் 330. நான்காம் பாடத்தில் மொத்தம் 400. புதியவர் 138, திரும்பி வந்தவர் 262. பன்னிரண்டாம் பாடத்தில் மொத்தம் 310; புதியவர் 60, திரும்பி வந்தவர் 250.

இந்த மூன்று வரிகளை மூவர் மூன்று விதமாகப் படிக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர், "நான்கில் ஒரு பங்காகிவிட்டது, நிறுத்துங்கள்" என்பார். விகிதத்தை மட்டும் பார்ப்பவர், "முதல் பாடத்தில் திரும்பி வந்தவர் நூற்றுக்கு 27 பேர், இப்போது 81 பேர், அல்ஹம்துலில்லாஹ், தொடர் வளர்ந்துவிட்டது" என்பார். இரண்டுமே எண்கள் சொல்லாத செய்திகள். விகிதம் உயர்ந்ததன் காரணம் திரும்பி வந்தவர் பெருகியது அன்று, புதியவர் வற்றியது. ஒரு வகுப்பில் புதிதாகச் சேருவோர் யாரும் இல்லையென்றால், இருப்போரில் பழைய மாணவர் நூற்றுக்கு நூறு ஆவர். அதை வளர்ச்சி என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே விகிதத்தை ஒதுக்கிவிட்டு, தலைகளை எண்ண வேண்டும். திரும்பி வந்தவர் 330 என்பது 262 ஆகி, பின்னர் 250 ஆனது. முதல் பாடத்துக்கு ஆவலால் வந்தவர்கள் விலகிச் சென்றது முதல் மூன்று வாரங்களிலேயே முடிந்துவிட்டது. நான்காம் பாடத்திலிருந்து பன்னிரண்டாம் பாடம் வரை, எட்டு வாரங்களில் குறைந்தவர் பன்னிருவர் மட்டுமே. நிர்வாகக் குழு கண்ட பெரும் வீழ்ச்சி, புதியவர் பகுதியில் நிகழ்ந்த வீழ்ச்சி. தொடரைப் பின்பற்றுவோர் பகுதியில் அது நிகழவில்லை.

இங்கேயே நின்று, "தொடரலாம்" என்று முடித்திருக்கலாம். ஆனால் இந்த எண்ணில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. யூடியூப் 'திரும்பி வந்தவர்' என்று சொல்வது சேனலுக்குத் திரும்பி வந்தவரை. அத்தொடருக்குத் திரும்பி வந்தவரை அன்று. பயணத் தொழுகை பற்றிய கேள்வி பதிலை ஒருமுறை பார்த்தவர், பின்னர் எதேச்சையாகப் பன்னிரண்டாம் பாடத்தைத் தொட்டால் அவரும் திரும்பி வந்தவரே. ஆகவே 250 பேர் என்பது அதே 250 பேரா, அல்லது வாரந்தோறும் மாறும் வேறு வேறு 250 பேரா என்பதை அந்த எண்ணே சொல்லாது. பார்வையாளர் யார் என்பதையும் யூடியூப் நமக்குக் காட்டாது. காட்டாதிருப்பதும் நல்லதே.

இதை அறிய இரண்டு வழிகளைக் கையாண்டோம். முதலாவது, பார்வையாளர் எந்த வழியாக வந்தார் என்று காட்டும் பகுதி. பன்னிரண்டாம் பாடத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அறிவிப்பு மணி வழியாகவும், பாடங்களின் பிளேலிஸ்ட் வழியாகவும், முந்தைய பாடத்தின் அருகே தோன்றும் பரிந்துரை வழியாகவும் வந்திருந்தனர். கேள்வி பதில் காணொளிகளிலிருந்து வந்தவர் மிகச் சிலர். தற்செயலாக வருவோரின் பாதை இப்படி இராது.

இரண்டாவது வழி யூடியூபுக்கு வெளியே இருந்தது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஹஜ்ரத் ஒரு வசனத்தைக் கொடுத்து, ஓதிக் குரல் பதிவாக மதரஸாவின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பச் சொல்வது வழக்கம். பெண்களின் பதிவுகளை உஸ்தாதா ஒருவர் கேட்டுத் திருத்துவார். நான்காம் பாடத்துக்கு 38 பதிவுகள் வந்தன. பன்னிரண்டாம் பாடத்துக்கு 36 பதிவுகள். இரண்டிலும் இடம்பெற்றவர்கள் 29 பேர். எட்டு வாரங்களுக்குப் பின்னும் முப்பத்தெட்டில் இருபத்தொன்பது பேர் அதே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள் என்பது எங்கள் மக்தபின் நேரடி வகுப்பிலும் எளிதில் காணக்கூடிய வருகை அன்று. பதிவு அனுப்புவோர் மொத்தப் பார்வையாளரில் சிறு பகுதியினரே, மற்றவர்களும் இவ்வாறே என்று அடித்துச் சொல்ல இயலாது. எனினும் திரையின் எண்ணும் இந்த எண்ணும் ஒரே திசையைக் காட்டின.

இந்த முறை எப்போதும் "தொடருங்கள்" என்றே சொல்லும் என எண்ண வேண்டாம். அதே காலத்தில் எங்கள் சேனலில் இன்னொரு தொடரும் நடந்தது. இமாம்களின் வரலாறு, இரண்டு வாரங்களுக்கு ஒரு பகுதி என்று முன்பே தொடங்கி, பத்துப் பகுதிகள் வெளியாகியிருந்தன. அதைப் பற்றி நிர்வாகத்தில் யாரும் கேள்வி எழுப்பவில்லை. ஏனெனில் அதன் மொத்தம் குறையவே இல்லை. முதல் பகுதிக்கு 680 பேர், பத்தாம் பகுதிக்கு 700 பேர். ஆனால் பிரித்துப் பார்த்தபோது, முதல் பகுதியில் திரும்பி வந்தவர் 290, பத்தாம் பகுதியில் 110. புதியவரோ 390 என்பதிலிருந்து 590 ஆக உயர்ந்திருந்தனர். அவர்கள் பெரும்பாலும் தேடல் வழியாக, ஒரு குறிப்பிட்ட இமாமின் பெயரைத் தட்டச்சு செய்து வந்தவர்கள். அவர் வரலாற்றைப் பார்த்தார்கள், சென்றார்கள். முன் பகுதியோ அடுத்த பகுதியோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

எனவே நலமாகத் தோன்றிய தொடர், தொடர் என்ற அளவில் முடிந்துபோயிருந்தது. நலிந்ததாகத் தோன்றிய தொடரே உயிரோடிருந்தது. மொத்த எண் இவ்விரண்டையும் தலைகீழாகக் காட்டியிருக்கிறது. இதில் வரலாற்றுப் பகுதிகளின் குறை ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவை பயனுள்ளவையே. அவற்றுக்குத் 'தொடர்' என்ற வடிவம் மட்டுமே தேவையற்றதாகிவிட்டது. 'சென்ற பகுதியில் பார்த்தோமல்லவா' என்ற தொடக்கமும், பகுதி எண்ணும், இரு வாரக் கெடுவும் அவற்றுக்குச் சுமையாக நின்றன.

முடிவை எண்களின் முன் நின்று அவரவர் விருப்பப்படி எடுப்பதைத் தவிர்க்க, எண்களைக் குழுவுக்குக் காட்டுமுன்பே ஓர் அளவுகோலை எழுதி வைத்தோம். முதல் மூன்று பகுதிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவற்றில் ஆவலால் வருவோர் மிகுதி. நான்கு, ஐந்து, ஆறாம் பகுதிகளில் திரும்பி வந்தவர்களின் சராசரியை அடிப்படையாகக் கொள்வது. கடைசி மூன்று பகுதிகளின் சராசரி அந்த அடிப்படையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்கினால் தொடரை முடித்துக்கொள்வது, இறங்காவிட்டால் தொடர்வது. ஒரு வாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு முடிவெடுக்காதிருக்கவே மூன்று பகுதிகளின் சராசரி. ஒரு பெருநாள், ஒரு மழை வாரம், ஒரு திருமணக் காலம் போதும், ஒரு பாடத்தின் எண்ணைச் சாய்த்துவிட.

தஜ்வீத் தொடரின் அடிப்படை 260. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஏறத்தாழ 173. கடைசி மூன்று பாடங்களின் சராசரி 253. ஆகவே தொடர வேண்டும். வரலாற்றுத் தொடரின் அடிப்படை 210. அதில் மூன்றில் இரண்டு பங்கு 140. கடைசி மூன்று பகுதிகளின் சராசரி 112. ஆகவே நிறுத்த வேண்டும். மூன்றில் இரண்டு என்ற அளவு வானத்திலிருந்து இறங்கியதன்று. வேறொரு மதரஸா பாதி என்று வைத்துக்கொள்ளலாம். எந்த அளவாயினும் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

கூட்டிப் பார்ப்பதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பன்னிரண்டு பாடங்களின் பார்வையாளர்களையும் கூட்டி, 'தொடரை இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள்' என்று சொல்லக் கூடாது. ஒரே ஆள் பன்னிரண்டு பாடங்களையும் பார்த்திருந்தால் அந்தக் கூட்டலில் அவர் பன்னிரண்டு பேராகிவிடுவார். சராசரி எடுக்கலாம், ஒப்பிடலாம், தலைகளைக் கூட்டலாகாது.

தொடர்வது என்று முடிவானாலும், புதியவர் 60 என்ற எண் எங்களை உறுத்தியது. ஊற்று இல்லாத குளத்தில் இருக்கும் நீர் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் ஒருநாள் வற்றும். நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது ஒன்பதாம் பாடம் மட்டும் தனித்து நின்றது. அதற்குப் புதியவர் 310 பேர் வந்திருந்தனர். மற்றப் பாடங்களின் தலைப்புகள் 'தஜ்வீத் பாடம் 8', 'தஜ்வீத் பாடம் 10' என்று எண்களாகவே இருக்க, அதற்கு மட்டும் படத்தொகுப்பு செய்யும் மாணவர் 'கல்கலாவின் ஐந்து எழுத்துகளை ஓதுவது எப்படி?' என்று தலைப்பிட்டிருந்தார். தேடியவர்களுக்கு அது கிடைத்தது. 'பாடம் 10' என்று யாரும் தேடுவதில்லை. எண்ணை மட்டும் தாங்கிய தலைப்பு, உள்ளே இருப்பவருக்கு வழிகாட்டியாகவும் வெளியே இருப்பவருக்கு அடைத்த கதவாகவும் இருக்கிறது.

அந்த 310 பேர் அடுத்த வாரம் பத்தாம் பாடத்துக்கு வந்தார்களா? வந்ததாகத் தெரியவில்லை. பத்தாம் பாடத்தில் திரும்பி வந்தவர் எண்ணிக்கை பத்துப் பேர் அளவுக்கே உயர்ந்திருந்தது. இதைக் கண்டு, "புதியவர் வந்தும் பயனில்லை" என்றார் ஒருவர். ஆனால் முதல் பாடத்தின் எண்களைத் திறந்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. இரண்டு மாதம் பழையதான அந்த முதல் பாடத்துக்கு அந்த வாரத்தில் திடீரென எழுபது பேருக்கு மேல் வந்திருந்தனர். வந்த வழி, ஒன்பதாம் பாடத்தின் இறுதித் திரையில் வைத்திருந்த பிளேலிஸ்ட் இணைப்பு. அதாவது கல்கலாவைத் தேடி வந்தவர்களில் ஒரு பகுதியினர், 'இதை முதலிலிருந்தே கற்போம்' என்று முதல் பாடத்துக்குச் சென்றிருந்தார்கள்.

பாடத் தொடருக்கும் மற்றத் தொடர்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. வரலாற்றுப் பகுதியைப் பார்த்துப் பிடித்துப்போனவர் அடுத்து வெளிவரும் பகுதிக்கு வருவார். பாடத்தைப் பார்த்துப் பிடித்துப்போனவர் முதல் பாடத்துக்குச் செல்வார். வாரம் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்களாகக் கற்றாலும் அவர் நடப்புப் பாடத்தை எட்டச் சில மாதங்கள் ஆகும். அதுவரை புதிய பாடத்தின் ஏழு நாள் கணக்கில் அவர் தென்படமாட்டார். எனவே பாடத் தொடர் நடத்துவோர் புதிய பகுதியின் எண்ணோடு, முதல் பகுதிக்கு இன்றும் வந்துகொண்டிருப்போர் எத்தனை பேர் என்பதையும் மாதந்தோறும் குறித்துவர வேண்டும்.

கேள்வி பதில் காணொளிகளையும் இதே தராசில் நிறுத்தோம். ஒவ்வொன்றுக்கும் 1,500 பேர். அவர்களில் புதியவர் 1,250 பேர் வரை, திரும்பி வந்தவர் 250 பேர் வரை. இவை வாசலுக்கு ஆள்களை அழைத்து வருகின்றன என்பது உண்மை. ஆனால் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை மாதந்தோறும் பல்லாயிரம் புதியவர் வந்தும், சேனலுக்கு ஒரு மாதத்தில் திரும்பி வருவோர் 1,100 என்பதிலிருந்து 1,150 என்றே நகர்ந்திருந்தது. வந்தவர் விடை பெற்றுச் சென்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு விடைதான், அதில் தவறேதுமில்லை. ஆனால் தொடரை நிறுத்தி அந்நேரத்தையும் இதற்கே கொடுத்தால், வாசலில் கூட்டம் இரட்டிப்பாகும், உள்ளே வகுப்பு இல்லாமல் போகும்.

இந்த எண்களுக்கும் எல்லைகள் உண்டு. ஓராண்டுக்கு மேல் வராதிருந்து மீண்டும் வந்தவரையும், பார்த்த வரலாற்றை அழித்தவரையும், தனிமறைவு முறையில் பார்ப்பவரையும் யூடியூப் புதியவராகவே எண்ணுகிறது. அதைவிட நம் வீடுகளில் பெரிதாக இருப்பது இன்னொன்று. சனிக்கிழமை இரவு கூடத்தில் தொலைக்காட்சியை இயக்கி, உம்மாவும் பிள்ளைகளும் பாட்டியும் சேர்ந்தமர்ந்து ஓதினால், கணக்கில் பார்வையாளர் ஒருவரே. அத்தாவின் கைபேசியில் மகள் பாடம் பார்க்க, அதே கைபேசியில் அத்தா கேள்வி பதில் பார்த்தாலும் ஒருவரே. ஆகவே 250 என்பதை ஆள்களின் எண்ணிக்கையாகக் கொள்ளாமல், வீடுகளின் எண்ணிக்கையாகக் கொள்வதே எங்களுக்குப் பொருத்தமாகப்பட்டது. இந்தக் குறை எல்லாப் பாடங்களுக்கும் ஒரே விதமாக இருப்பதால், பாடத்துக்குப் பாடம் ஒப்பிடுவதற்கு அது தடையாகாது.

மற்றோர் எல்லை நாட்காட்டி. ஸ்டுடியோவில் 'சென்ற ஆண்டின் இதே காலம்' என்று ஒப்பிடும் வசதி இருக்கிறது. அது ஆங்கில மாதங்களைத்தான் அறியும். நம் நாட்டில் 2024 இல் ரமளான் மார்ச் 12 அன்று தொடங்கியது. 2025 இல் மார்ச் 2 அன்றே தொடங்கிவிட்டது. இரு ஆண்டுகளின் மார்ச் மாதங்களை ஒப்பிட்டால், ஒன்றில் ரமளானின் இருபது நாள்களும் மற்றொன்றில் இருபத்தொன்பது நாள்களும் இருக்கும். ரமளானில் ஸகாத்தையும் தராவீஹையும் பற்றித் தேடுவோரால் புதியவர் எண்ணிக்கை பெருகும், ஷவ்வாலில் அது தானே வடியும். அந்த வடிதலைக் கண்டு ஒரு தொடரை நிறுத்துவது அநியாயம். அந்தப் பெருக்கைக் கண்டு ஒரு தொடரைத் தொடங்குவதும் அவசரம். ஒப்பிட வேண்டுமானால் தேதிகளை நாமே இட்டு, ரமளானை ரமளானோடும் ஷவ்வாலை ஷவ்வாலோடும் வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் குழுவின் முன் வைத்தபின், முடிவுகள் மூன்றாயின. தஜ்வீத் தொடர் முப்பது பாடங்கள் வரை நடக்கும். வரலாற்றுத் தொடர் பகுதி எண்களைக் களைந்து, தனித்தனிக் காணொளிகளாக, நேரம் வாய்க்கும்போது வெளிவரும். அதனால் மிஞ்சிய நேரம் கேள்வி பதில்களுக்குச் செல்லும். தஜ்வீத் தொடரிலும் இரண்டு மாற்றங்கள் செய்தோம். தலைப்பில் பாடத்தின் பொருள் முதலிலும் எண் இறுதியிலும் வரும்: 'நூன் சாகின்: இழ்ஹார் எப்போது? – பாடம் 13' என்பதுபோல. மேலும், ஓதுதல் தொடர்பான கேள்வி பதில்களின் முடிவில் மட்டும், அவ்விதியைக் கற்பிக்கும் பாடத்தின் பெயரைச் சொல்லி ஹஜ்ரத் அழைப்பார். ஸகாத் கேள்விக்கு வந்தவரைத் தஜ்வீதுக்கு அழைத்து ஆவதில்லை.

பதின்மூன்றாம் பாடம் முதல் இருபதாம் பாடம் வரையான கணக்கு இப்போது நோட்டில் இருக்கிறது. ஒரு பாடத்துக்குப் புதியவர் 60 என்பது சராசரியாக 180 ஆகியிருக்கிறது. திரும்பி வந்தவர் கடைசி மூன்று பாடங்களில் சராசரி 290. குரல் பதிவுகள் 44. பெரிய எண்கள் அல்ல. மொத்தத்தைப் பார்த்தால் கேள்வி பதில் ஒன்றின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் திரும்பி வந்தவர் எண்ணிக்கை, அடிப்படையான 260 ஐக் கடந்து மேலேறியிருக்கிறது. முதல் பாடத்தில் தொடங்கியவர்களில் சிலர் நடப்புப் பாடத்தை எட்டத் தொடங்கிவிட்டார்கள் என்றே இதைப் புரிந்துகொள்கிறோம்.

எஞ்சிய பாடங்களில் சில ரமளானுக்கு முன்பும், மற்றவை ஷவ்வாலிலும் வெளிவரும், இன்ஷா அல்லாஹ். இடையில் ஒரு மாதம் தொடர் நிற்பதால், ஷவ்வாலின் முதல் பாடம் குறைந்த எண்ணோடுதான் தொடங்கும். அதற்காக அளவுகோலில் ஒரு வரியைச் சேர்த்து எழுதியிருக்கிறோம்: இடைவெளிக்குப் பின்வரும் முதல் மூன்று பாடங்கள் கணக்கில் சேரா.